மல்லாட்டைக் காட்டில் விரியன்: பாம்புக்கடி பற்றித் தெருநாடகம் எழுதுவது

கேள்வி: அணைக்கட்டு, ஒடுகத்தூர் பக்கத்துக் கிராமங்களிலும் குடியாத்தம் பஸ் நிலையத்திலும் பாம்புக்கடி பற்றித் தெருநாடகம் போடப்போகிறோம். ஆறு பேர், ஒரு பறை, மைக் கிடையாது. எழுதிய ஸ்கிரிப்ட் பாடம் நடத்துவது மாதிரி இருக்கிறது. எப்படி எழுதினால் ஜனங்கள் நின்று பார்ப்பார்கள், பார்த்ததைச் செய்வார்கள்?

பாடம் மாதிரி ஆவதற்குக் காரணம், பாம்புக்கடி பற்றித் தெரிந்த எல்லாவற்றையும் ஒரே நாடகத்துக்குள் திணிப்பதுதான். நான்கு வகை விஷப்பாம்பு, கடித்தால் என்ன செய்வது, கடிக்காமல் இருக்க என்ன செய்வது, மூடநம்பிக்கை, அரசுத் திட்டம் என்று அடுக்கினால் நடிகர்கள் நோட்டீஸ் வாசிப்பவர்களாகிவிடுவார்கள். ஒரு பாம்பு, ஒரு கடி, ஒரு குடும்பம், கடித்ததிலிருந்து ஆஸ்பத்திரி வாசல் வரைக்குமான நேரம். இவ்வளவுதான் நாடகம். டார்ச், கொசுவலை, விறகடுக்கு பற்றிய பேச்சையெல்லாம் நாடகம் முடிந்தபின் கேள்வி கேட்பவர்களிடம் வைத்துக்கொள்ளலாம்.

எந்தப் பாம்பு என்பதை முதலில் முடிவு செய்யுங்கள், ஏனென்றால் அதைப் பொறுத்துக் கதையே மாறும். கட்டுவிரியன் பெரும்பாலும் ராத்திரியில், தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். வலி இருக்காது, பல் பட்ட தடம்கூடத் தெரியாமல் போகலாம். விடியற்காலையில் வயிற்றுவலி, வாந்தி, பிறகு கண் இமை சொருகும். வீட்டில் எல்லோரும் அஜீரணம் என்று நினைத்துக் கஷாயம் வைத்துக்கொண்டிருப்பார்கள். அருமையான நாடகம்தான், ஆனால் அது யாருக்கும் தெரியாமல் நடக்கும் கடி. வட்டமாக நிற்கும் கூட்டத்துக்கு, அதுவும் பகல் வெளிச்சத்தில், அதைக் காட்டுவது கடினம். முதல் நாடகத்துக்குக் கண்ணாடி விரியனை எடுங்கள். ஆடிப் பட்டத்தில் விதைத்த மல்லாட்டையை ஐப்பசியில் பிடுங்கும்போது கொடிக்குள் கை விடுகிற எல்லோருக்கும் அந்தப் பயம் தெரியும். கடித்தது உடனே தெரியும், வலிக்கும், வீங்கும். நாலு பேர் எதிரில் நடக்கும். அறுவடைக்கு முன்னால், புரட்டாசியிலேயே நாடகம் ஊருக்குள் போய்விட வேண்டும். பாம்பின் பெயர் ஊருக்கு ஊர் மாறும் என்பதால், ஒவ்வொரு ஊரிலும் அங்கே என்ன பெயர் சொல்கிறார்கள் என்று கேட்டு அதையே வசனத்தில் போடுங்கள்.

நேரத்தைக் காதில் கேட்க வைப்பது

"சீக்கிரம் போகணும்" என்று பத்து முறை சொன்னாலும் யாருக்கும் உறைக்காது. நேரத்தைப் பறைக்குக் கொடுத்துவிடுங்கள். ஒரு அடி என்றால் ஐந்து நிமிஷம். கடித்த நொடியிலிருந்து குடும்பம் எடுக்கிற ஒவ்வொரு முடிவுக்கும் அடி விழும். யாரைக் கூப்பிடுவது என்று தர்க்கம் பண்ணினால் இரண்டு அடி, வண்டிக்குப் பெட்ரோல் இல்லை என்றால் மூன்று அடி. ஒவ்வொரு அடிக்கும் எல்லோரும் அப்படியே உறைய, கட்டியக்காரன் மட்டும் கூட்டத்தைப் பார்த்து எண்ணிக்கையைச் சொல்வான். மூன்றாவது அடியிலிருந்து சின்னப் பசங்கள் அவனுக்கு முன்னால் எண்ண ஆரம்பித்துவிடுவார்கள். தாமதமாக வந்து நின்றவருக்கும் எண்ணிக்கையைக் கேட்டதுமே கதை புரியும்.

பறை பற்றி ஒரு எச்சரிக்கை. கூட்டம் சேர்க்க அடிக்கும் அடி சாவு அடி மாதிரி இருந்தால் ஊரில் யாருக்கு என்ன ஆயிற்று என்று ஓடிவந்து, நாடகம் என்றதும் கோபித்துக்கொண்டு போவார்கள். பம்பையும் உடுக்கையும் வேண்டவே வேண்டாம். இந்தப் பக்கத்தில் அந்தச் சத்தத்துக்கு யாருக்காவது அருள் வந்துவிடும், பிறகு உங்கள் நாடகத்தை யாரும் பார்க்கமாட்டார்கள்.

துண்டு

பாம்புக்கடி நாடகங்களில் அடிக்கடி நடக்கும் தவறு, தவறான வைத்தியத்தை விஸ்தாரமாக நடித்துக் காட்டிவிட்டு, கடைசியில் "இப்படிச் செய்யாதீங்க" என்று சொல்வது. கயிறு கட்டுவது, பிளேடால் கீறுவது, வாய் வைத்து உறிஞ்சுவது எல்லாமே கண்ணுக்கு விறுவிறுப்பான காட்சிகள். கூட்டத்தின் பின்வரிசைக்கு வசனம் கேட்காது, படம் மட்டும் தெரியும். நடுவில் கிளம்பிப் போனவர் மனதில் நிற்பதும் அந்தப் படம்தான். அதனால் கீறுவதையும் உறிஞ்சுவதையும் நடிக்கவே நடிக்காதீர்கள், பேச்சிலும் கொண்டுவராதீர்கள்.

கட்டுவதை மட்டும் விடமுடியாது. ஏனென்றால் பார்ப்பவர்களில் பெரும்பாலானவர்களுடைய கை தானாகப் போகிற இடம் அதுதான். அங்கே செய்ய வேண்டியது, நீண்ட கையைப் பாதியில் நிறுத்தி, அதே துண்டுக்கு வேறு வேலை கொடுப்பது. காட்சி இப்படிப் போகலாம்:

முனியன்: (காலை உதறி) ஏ சரசு! கால்ல இன்னாமோ சுருக்குனுது!
சரசு: முள்ளு குத்திச்சா?
முனியன்: முள்ளு இல்ல. தோ போவுது பாரு... விரியன்!
(பறை: ஒரு அடி. எல்லோரும் உறைகிறார்கள்.)
கட்டியக்காரன்: அஞ்சு நிமிசம்!
கிழவி: துண்ட எடு சரசு! இறுக்கிக் கட்டு!
(சரசு துண்டை எடுக்கிறாள். கட்டியக்காரன் அவள் எதிரில் வந்து நிற்கிறான்.)
கட்டியக்காரன்: இன்னாத்துக்குப் பாட்டி கட்டச் சொல்ற?
கிழவி: விஷம் மேல ஏறக்கூடாதுல்ல?
கட்டியக்காரன்: ஏறாட்டி எங்க போவும்?
கிழவி: அங்கியே கெடக்கும்.
கட்டியக்காரன்: (கூட்டத்தைப் பார்த்து, மெதுவாக) அங்கியே கெடந்தா... காலு இன்னா ஆவும்?
(நிசப்தம். மூன்று எண்ணும் வரை யாரும் பேசக்கூடாது.)
கூட்டத்திலிருந்து ஒரு நடிகர்: அழுவிப் போவும்!

அந்த நிசப்தத்தில் கூட்டத்தில் யாராவது தானாகவே பதில் சொன்னால் உங்கள் நடிகர் வாயைத் திறக்கக்கூடாது. யாரும் சொல்லாவிட்டால்தான் அவர் சொல்ல வேண்டும். விரியன் விஷம் கடித்த இடத்துச் சதையையே சிதைக்கும். அதற்கு மேல் ரத்த ஓட்டத்தையும் நிறுத்தினால் சேதம் இன்னும் கூடும் என்பதைப் பாட்டியின் சொந்தத் தர்க்கமே சொல்லிவிடுகிறது. யாரும் அவளை முட்டாள் என்று சொல்லவில்லை.

அடுத்தபடியாக அந்தத் துண்டே தாம்பாக மாறாமல் பட்டியாக மாறுகிறது. இரண்டு அடி நீள மூங்கில் சிம்பு இரண்டு, காலின் இரண்டு பக்கமும் வைத்து, துண்டைக் கிழித்து மூன்று இடத்தில் தளர்வாகக் கட்டுகிறார்கள். எலும்பு முறிந்தால் கட்டுகிற மாதிரிதான். கட்டியக்காரன் கட்டுக்குள் ஒரு விரலை நுழைத்து எடுத்துக் காட்டுவான், விரல் போகாவிட்டால் அவிழ்த்துத் திருப்பிக் கட்டச் சொல்வான். கால் அசைந்தால் விஷம் சீக்கிரம் பரவும் என்பதால்தான் அசையாமல் வைப்பது. அதனாலேயே முனியன் இதற்குப் பிறகு ஒரு அடிகூட நடக்கக்கூடாது. ஒத்திகையில் இதைத்தான் அடிக்கடி மறந்துவிடுவார்கள், நடிகர் எழுந்து மேடைக்கு நடுவில் வந்து வசனம் சொல்வார். கடித்த கால் என்றால் கொலுசு, மெட்டி, கை என்றால் வளையல், மோதிரம் உடனே கழற்றும் ஒரு சின்ன அசைவையும் சேருங்கள். வீங்கின பிறகு அவை இறங்காது, அவையே கயிறு மாதிரி இறுக்கும்.

ஏற்கெனவே கட்டியபடி ஓடிவருபவர்கள் இருப்பார்கள். அதற்காக "கட்டை உடனே அவுத்துப் போடு" என்று வசனம் எழுதிவிடாதீர்கள். இறுகக் கட்டியதைத் திடீரென்று அவிழ்த்தால் தேங்கிய விஷம் ஒரேயடியாக உடம்புக்குள் போய் ஆள் சரிந்துவிடலாம். அதனால் மருந்தும் டாக்டரும் பக்கத்தில் இருக்கும்போதுதான் அவிழ்ப்பார்கள். "கட்டிட்டீங்களா? வழியில அவுக்காதீங்க. போனதும் டாக்டர்கிட்ட மொதல்ல அத்தச் சொல்லுங்க" என்று கட்டியக்காரன் ஒரு முறை சொன்னால் போதும்.

மந்திரிப்பவர்

மந்திரவாதியை வில்லனாக்கினால் நகர்ப்புறத்தில் கைதட்டல் கிடைக்கும், கிராமத்தில் நாடகம் தோற்கும். பாம்புக்கு மந்திரிப்பவர் அந்த ஊரில் யாருக்கோ அப்பா, யாருக்கோ சின்னமாமா. அவரே எதிரில் திண்ணையில் உட்கார்ந்து நாடகம் பார்க்கக்கூடும். தவிர, அவரிடம் போய்ப் பிழைத்தவர்களை ஊர் பார்த்திருக்கிறது. பிழைத்ததற்குக் காரணம், கடிக்கும் பாம்புகளில் பல விஷமில்லாதவை, விஷப்பாம்பும் எல்லாக் கடியிலும் விஷத்தை இறக்குவதில்லை. இதைப் பேச்சில் விளக்கப் போனால் பத்து நிமிஷம் ஆகும், ஒருவரும் நம்பமாட்டார்கள். அதனால் நம்பிக்கையோடு மோதாமல், எதை முதலில் செய்வது என்ற வரிசையை மட்டும் மாற்றுங்கள்:

குமார்: தாத்தா! மாமாவ விரியன் புடிச்சிடுச்சி, மந்திரிக்கணும்!
தாத்தா: வண்டி எங்கடா?
குமார்: வாசல்ல நிக்குது.
தாத்தா: ஏத்து. நானும் வரேன். வண்டியிலியே மந்திரிக்கிறேன்.
குமார்: இங்கியே மந்திரிச்சிட்டுப் போலாமே தாத்தா?
தாத்தா: மந்திரம் எங்க ஒக்காந்து சொன்னாலும் மந்திரந்தான்டா. ஊசி ஆஸ்பத்திரியில மட்டுந்தான் கீது.

இதில் சமரசம் இருக்கிறது, மறைக்க வேண்டாம். பகுத்தறிவு பேசும் நண்பர்கள் குழுவில் இருந்தால் இந்த இடத்தில் சண்டை வரும். ஆனால் நாடகத்தின் வேலை அன்று மாலை ஒருவரைச் சரியான நேரத்தில் வண்டியேற்றுவதுதான். விட்டுக்கொடுக்கக்கூடாத எல்லை ஒன்று உண்டு: தாத்தா எதையும் குடிக்கக் கொடுக்கமாட்டார், பச்சிலை வைக்கமாட்டார், கடிவாயைத் தொடமாட்டார். முடிந்தால் இந்தக் காட்சியை அந்த ஊர் மந்திரிப்பவரிடம் முந்தின நாளே படித்துக் காட்டிவிடுங்கள். இருளர் குடியிருப்பு இருக்கும் ஊர் என்றால் பாம்பு பிடிப்பவர்களைக் கேலி செய்யும் ஒரு வரிகூட இருக்கக்கூடாது. விஷமுறிவு மருந்து தயாரிக்கத் தேவைப்படும் விஷத்தைச் சேகரித்துக் கொடுத்ததில் வடநெம்மேலி இருளர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அதை ஒரு வரியாகச் சொன்னால் கூட்டத்தில் தலை நிமிரும்.

காலியிடம்

ஸ்கிரிப்டில் ஒரு வசனத்தை எழுதாமல் காலியாக விடுங்கள்: "எந்த ஆஸ்பத்திரிக்கு?" இதை ஒவ்வொரு ஊருக்கும் தனியாக நிரப்ப வேண்டும். நாடகத்துக்கு ஒரு வாரம் முன்பு அந்தப் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய் மூன்று விஷயம் கேளுங்கள். விஷமுறிவு மருந்து இப்போது கையிருப்பில் இருக்கிறதா, ராத்திரி எட்டு மணிக்குப் பிறகு அதை ஏற்ற டாக்டர் இருப்பாரா, இல்லையென்றால் அடுத்து எங்கே அனுப்புவார்கள். பதில் பக்கத்துச் சுகாதார நிலையமாகவோ, குடியாத்தம் அரசு மருத்துவமனையாகவோ, அடுக்கம்பாறையாகவோ இருக்கலாம். பகலுக்கு ஒரு பெயர், ராத்திரிக்கு வேறு பெயர் என்றால் இரண்டையும் சொல்ல வேண்டும். "அருகிலுள்ள மருத்துவமனைக்கு" என்று நாடகத்தில் சொன்னால் அது வெறும் வாய்ச்சொல். சரசு கத்த வேண்டியது ஊர்ப் பெயரை.

வண்டிக்கும் இதே கதைதான். 108க்குப் போன் போடும் காட்சியைச் சும்மா வைக்காதீர்கள், அந்தத் தெருவுக்கு ஆம்புலன்ஸ் எதுவரை வரும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு எழுதுங்கள். 2023 மே மாதம் அணைக்கட்டு ஒன்றியத்து அல்லேரி மலையில் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை, சாலை வசதியில்லாத வழியில் ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் இறந்தது. அந்த மலைச் சனத்தின் முன்னால் நின்று "உடனே ஆஸ்பத்திரி போங்க" என்று சொன்னால் அது அவமானப்படுத்துவது. அந்தச் சாவை நாடகமாக்கவும் கூடாது. அங்கே போகும் நாடகத்தில் கதையின் பாதி, ஆளைக் கீழே இறக்குவதுதான்: எந்தக் கழியில் டோலி கட்டுவது, யார் நாலு பேர் தூக்குவது, எந்த இடத்துக்கு ஆம்புலன்ஸை வரச்சொல்லி முன்கூட்டியே போன் போடுவது, சிக்னல் எந்தப் பாறையில் கிடைக்கும். இதைக் கூட்டத்தையே கேட்டு அங்கேயே காட்சியை முடிக்கச் சொல்லலாம். வண்டி போகும் சாலை உள்ள ஊரில் இரண்டு சக்கர வண்டியே போதும், கடிபட்டவர் நடுவில், பின்னால் ஒருவர் பிடித்துக்கொண்டு. அவர் தானே ஓட்டக்கூடாது.

கண்ணாடிக் குழாய்

ஆஸ்பத்திரி வாசலோடு கதையை முடித்தால் ஒரு குறை தங்கிவிடும். அங்கே போன பலர் "ஊசியே போடல, சும்மா படுக்க வச்சிட்டான்" என்று கோபித்துக்கொண்டு நடுவில் கிளம்பிவிடுகிறார்கள். விஷம் இறங்கியதற்கான அறிகுறி தெரிந்தால்தான் மருந்து ஏற்றுவார்கள், ஏனென்றால் அந்த மருந்துக்கே சிலருக்குக் கடும் ஒவ்வாமை வரும். விரியன் கடியில் அதைப் பார்க்க ஒரு எளிய சோதனை இருக்கிறது. சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாயில் இரண்டு மில்லி ரத்தம் எடுத்து, இருபது நிமிஷம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்ப்பார்கள். உறையாமல் ஓடினால் விஷம் ரத்தத்தில் வேலை செய்கிறது. இதைவிட நல்ல மேடைக்காட்சி கிடைக்காது. சின்னக் கண்ணாடி பாட்டிலில் பீட்ரூட் தண்ணீர், நர்ஸ் அதைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு வட்டத்தைச் சுற்றி வருகிறார். பறை நான்கு அடி. கூட்டமே எண்ணுகிறது. நான்காவது அடியில் சாய்க்கிறார், ஓடுகிறது. "உறையல. மருந்து ஏத்துங்க."

குழாய் கையில் இருக்கும்போதே கட்டியக்காரன் மற்றதையும் சொல்லிவிடலாம்: "உறைஞ்சாலும் வூட்டுக்குப் போவக்கூடாது. ஒரு நாள் பூரா அங்கியே கெடக்கணும். விஷம் லேட்டா வேல காட்டும்." கட்டுவிரியன், நாகம் கடியில் இந்தச் சோதனையில் ரத்தம் சாதாரணமாக உறையும் என்பதால், அந்த நாடகத்துக்கு இந்தக் குழாயைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள்.

முடிவில் முனியன் எழுந்து ஆடக்கூடாது. மருந்து ரத்தத்தில் சுற்றும் விஷத்தை முறிக்கும், அதற்குள் கெட்டுப்போன சதையையும் சிறுநீரகத்தையும் திருப்பித் தராது. பறை பதினோரு அடியில் நின்றதால் பிழைத்தான், கால் வீக்கம் வடிய நாளாகும். பறை முப்பதைத் தொட்டிருந்தால் என்ற கேள்வியைக் கட்டியக்காரன் கேட்டுவிட்டு நிறுத்தினால் போதும்.

நீளமும் குரலும்

மைக் இல்லாத வட்டத்தில் ஒரு வசனம் ஆறேழு சொல்லுக்கு மேல் போனால் பின்னால் கேட்காது. முக்கியமான மூன்று வசனங்களை, அதாவது துண்டு, ஆஸ்பத்திரிப் பெயர், "ஒரு நாள் பூரா", வட்டத்தின் மூன்று பக்கமும் திரும்பி மூன்று முறை சொல்ல வேண்டும். மொத்தம் இருபது நிமிஷம், கையெழுத்தில் நாலு பக்கத்துக்கு மேல் போனால் வெட்டுங்கள். வெட்டுவதற்கு முதலில் பார்க்க வேண்டியது பாட்டுகள். மூன்று பாட்டு எழுதியிருப்பீர்கள், ஒன்று போதும்.

குடியாத்தம் பஸ் நிலையத்தில் அதே ஸ்கிரிப்ட் பாதியில் உடையும். பஸ் கிளம்பினால் பாதிக் கூட்டம் காலி. அங்கே மல்லாட்டைக் காட்டை விட்டுவிட்டு, துண்டுக் காட்சியிலிருந்து ஆரம்பித்து ஏழெட்டு நிமிஷத்தில் குழாய்க் காட்சியோடு முடியுங்கள், கால் மணி நேரம் கழித்து மறுபடி போடுங்கள். உருது பேசுபவர்கள் கூட்டத்தில் அதிகம் என்றால், எண்ணிக்கையை மட்டும் ஒரு நடிகர் உருதுவிலும் சொல்லட்டும். போலீஸ் ஸ்டேஷனில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

நாடகம் வேலை செய்ததா என்று தெரிந்துகொள்ள "எப்படி இருந்திச்சு?" என்று கேட்டால் "நல்லா இருந்திச்சுப்பா" என்றுதான் வரும். நாலைந்து நாள் கழித்து அந்த ஊருக்குப் போய், வட்டத்தின் பின்வரிசையில் நின்ற ஆறேழு பேரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: ராத்திரி பத்து மணிக்குக் கடிச்சா எங்க போவீங்க, துண்டை எடுத்து என்ன பண்ணுவீங்க. ஆஸ்பத்திரிப் பெயர் வரவில்லை என்றால் அந்த வசனத்தை இன்னும் சத்தமாக, இன்னும் முன்னால் கொண்டுவர வேண்டும். "இறுக்கிக் கட்டுவோம்" என்று வந்தால், மேடையில் சரசு துண்டை எடுத்ததுதான் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது, கட்டியக்காரன் குறுக்கே வந்தது தெரியவில்லை. அவனை வேறு பக்கத்திலிருந்து நுழையச் சொல்லி அந்தக் காட்சியை மறுபடி ஒத்திகை பாருங்கள்.